எந்த வழியில் போகும் இந்தப் பாக்கெட்?

லினக்ஸ் கணினியில் `ip route` என்று தட்டினால் திரையில் ஐந்தாறு வரிகள் வரும். விண்டோஸில் `route print`, மேக்கில் `netstat -rn`. கணினியை விட்டு வெளியே கிளம்பும் ஒவ்வொரு பாக்கெட்டும் இந்த வரிகளில் ஏதோ ஒன்றின் பேச்சைக் கேட்டுத்தான் கிளம்புகிறது. மின்னஞ்சல், சினிமா, வங்கிப் பரிமாற்றம் எதுவாக இருந்தாலும் சரி, முதலில் சிறு சிறு பாக்கெட்டுகளாக உடைக்கப்படும். ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் போய்ச் சேர வேண்டிய ஐ.பி. முகவரி எழுதியிருக்கும். கணினியோ ரவுட்டரோ அந்த முகவரியைப் பார்த்து, தன்னிடம் உள்ள ரவுட்டிங் டேபிளைப் பார்த்து, அடுத்து யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்கிறது.

அந்த முடிவை நாமே முன்கூட்டிச் சொல்லிவிட முடியும். தாளும் பென்சிலும் போதும். அலுவலக நெட்வொர்க்கில் ஒரு கிளை மட்டும் வேலை செய்யவில்லை, வி.பி.என். போட்டதும் வீட்டுப் பிரின்டர் காணாமல் போய்விட்டது என்பது போன்ற புகார்களில் பாதிக்கு விடை இந்த டேபிளிலேயே இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கிற முறை தெரிந்திருக்க வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியை எடுத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் அனுபவப்பட்டவர்கள் `metric` என்ற எண்ணைத் தேடி, சிறியது எதுவோ அதுதான் வெல்லும் என்கிறார்கள். இரண்டுமே தவறு.

உண்மையான விதி ஒரே வாக்கியம்தான்: பாக்கெட்டின் முகவரிக்குப் பொருந்தும் எல்லா வரிகளையும் எடுத்து, அவற்றில் மிக நீளமான முன்னொட்டு உள்ள வரியைத் தேர்ந்தெடு. நெட்வொர்க் ஆட்கள் இதை ‘லாங்கஸ்ட் ப்ரிஃபிக்ஸ் மேட்ச்’ என்பார்கள். வெளிநாட்டு அழைப்புகளை இணைக்கும் ஒரு தொலைபேசி நிலையத்தை நினைத்துப் பாருங்கள். 94 என்று தொடங்கும் எண்கள் எல்லாம் இலங்கைக்குப் போகும் பொதுக் கம்பியில். 9421 என்று தொடங்குபவை மட்டும் யாழ்ப்பாணத்துக்கென்று உள்ள தனிக் கம்பியில். 9421 என்று தொடங்கும் எண்ணுக்கு இரண்டு குறிப்புகளுமே பொருந்தும். ஆனாலும் நான்கு இலக்கம் பொருந்தும் குறிப்பு, இரண்டு இலக்கம் பொருந்துவதைவிடத் துல்லியமானது. அழைப்பு தனிக் கம்பியில் போகும். ரவுட்டரும் இதையேதான் செய்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. அது இலக்கங்களை எண்ணுவதில்லை, பிட்டுகளை எண்ணுகிறது. தடுமாற்றம் தொடங்குவதும் அங்கேதான்.

ஐ.பி. முகவரி, அதாவது பழைய நான்காம் பதிப்பு முகவரி, மொத்தம் 32 பிட். 10.20.100.7 என்று நாம் புள்ளி வைத்து எழுதுவது நம் வசதிக்காக. ஒவ்வோர் எண்ணும் எட்டு பிட். டேபிளில் 10.20.0.0/16 என்று இருந்தால், ‘முதல் 16 பிட் இதேபோல் இருக்க வேண்டும், மீதி எப்படி இருந்தாலும் பரவாயில்லை’ என்று பொருள். 16 பிட் என்பது சரியாக முதல் இரண்டு எண்கள். அதனால் 10.20 என்று தொடங்கும் எதுவும் பொருந்தும். இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். 10.20.64.0/18 என்றால்தான் சிக்கல், ஏனென்றால் வெட்டு புள்ளியில் விழவில்லை, மூன்றாவது எண்ணின் நடுவில் விழுகிறது.

1993 வரை இந்தத் தொல்லை அவ்வளவாக இருந்ததில்லை. முகவரிகளை ஏ, பி, சி என்று வகுப்புகளாகப் பிரித்து, 8, 16, 24 ஆகிய பிட்டுகளில்தான் வெட்டினார்கள். நடுத்தர அளவு நிறுவனத்துக்கு 256 முகவரிகள் போதாது, 65,536 மிக அதிகம். அள்ளிக் கொடுத்ததில் பி வகுப்பு தீர்ந்துபோகும் நிலை வந்தது. சின்னச் சின்னதாகக் கொடுத்தாலோ ரவுட்டர்களின் டேபிள் வீங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1519 ஆவணம் வகுப்புகளைக் கைவிட்டு, எந்தப் பிட்டிலும் வெட்டலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒரு பெரிய தொகுதியை ஒரே வரியில் அறிவித்துவிட்டு, அதற்குள் ஒரு துண்டு மட்டும் வேறு பக்கம் போக வேண்டுமென்றால் அதற்குத் தனியாக நீளமான வரி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நீளமானது வெல்லும் என்ற விதி இல்லாவிட்டால் இந்த ஏற்பாடே நிற்காது.

இனி ஒரு டேபிளை எடுத்துக்கொள்வோம். நான் உதாரணத்துக்காக அமைத்தது. ஓர் ஊழியரின் கணினி அலுவலக லேனில் இருக்கிறது. அதே லேனில் இன்டர்நெட்டுக்குப் போகும் ரவுட்டர் 192.168.1.1, பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் ரவுட்டர் 192.168.1.50. தலைமை அலுவலகத்துக்கு `tun0` என்ற வி.பி.என். சுரங்கம் ஒன்று.

```
default via 192.168.1.1 dev eth0 metric 100
10.0.0.0/8 via 10.255.0.1 dev tun0 metric 50
10.20.0.0/16 via 192.168.1.50 dev eth0
10.20.64.0/18 via 10.255.0.1 dev tun0 metric 500
10.255.0.0/24 dev tun0 scope link src 10.255.0.6
192.168.1.0/24 dev eth0 scope link src 192.168.1.23
```

ஒவ்வொரு வரியிலும் முதலில் இருப்பது முன்னொட்டு. `via` என்பதற்குப் பின்னால் இருப்பது பாக்கெட்டை யாரிடம் ஒப்படைப்பது என்ற முகவரி. `dev` என்பதற்குப் பின்னால் எந்த வாசல் வழியாக என்பது. கடைசி இரண்டு வரிகளில் `via` இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே இடைத்தரகர் தேவையில்லை, சேருமிடம் அதே கம்பியிலோ சுரங்கத்திலோ நேரடியாகவே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். முதல் வரியில் முன்னொட்டுக்குப் பதில் `default` என்று எழுதியிருக்கிறது. அது 0.0.0.0/0 என்பதன் சுருக்கம். பூஜ்ஜியம் பிட் பொருந்தினால் போதும் என்றால் உலகிலுள்ள எல்லா முகவரியும் அதற்குப் பொருந்தும். பொருத்தத்தின் நீளம் பூஜ்ஜியம் என்பதால் வேறு எந்த வரி பொருந்தினாலும் அது தோற்கும். டிஃபால்ட் வழிக்கென்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது. வேறொன்றும் பொருந்தாதபோது மிஞ்சி நிற்பது அதுதான், அவ்வளவே.

இப்போது 10.20.100.7 என்ற முகவரிக்கு ஒரு பாக்கெட். வரிசையாகப் பார்ப்போம். டிஃபால்ட் பொருந்தும், நீளம் 0. 10.0.0.0/8 பொருந்தும், முதல் எண் 10 தானே, நீளம் 8. 10.20.0.0/16 பொருந்தும், நீளம் 16. 10.20.64.0/18 பொருந்துமா? இங்கேதான் பலர் ‘64 எங்கே, 100 எங்கே’ என்று தள்ளிவிடுகிறார்கள். மூன்றாவது எண்ணைப் பிட்டுகளாக எழுதிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

```
 64 = 01 000000
100 = 01 100100
130 = 10 000010
```

முதல் 16 பிட்டுகள் 10.20 என்பதிலேயே முடிந்துவிட்டன. 18 ஆக இன்னும் இரண்டு பிட் வேண்டும். 64-இன் முதல் இரண்டு பிட் 01. 100-இன் முதல் இரண்டு பிட்டும் 01. பொருந்துகிறது. மீதி ஆறு பிட்டுகளில் என்ன இருக்கிறது என்று ரவுட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆக நான்கு வரிகள் பொருந்துகின்றன, நீளமானது 18. பாக்கெட் `tun0` வழியாக 10.255.0.1-க்குப் போகும். அந்த வரியின் மெட்ரிக் 500, மேலே உள்ள 10.0.0.0/8 வரியின் மெட்ரிக் 50. இருந்தும் 500 வென்றது. மெட்ரிக்கை ஒப்பிடும் கட்டமே இங்கு வரவில்லை.

அடுத்து 10.20.130.7. அதே கட்டடம் போலத் தோன்றும் முகவரிதான். ஆனால் 130-இன் முதல் இரண்டு பிட் 10. 18 பிட் வரி பொருந்தாது. மிஞ்சுவதில் நீளமானது 10.20.0.0/16, ஆகவே பாக்கெட் 192.168.1.50 வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகிறது. 10.21.5.5-க்குப் பதினாறும் பொருந்தாது, எட்டுதான், மறுபடியும் சுரங்கம். 8.8.8.8-க்கு டிஃபால்ட் மட்டும்.

ஒவ்வொரு முறையும் பிட் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு சுருக்கு வழி உண்டு. வெட்டு விழும் எண்ணில் எத்தனை பிட் பிடித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பிட் என்றால் 128 வீதம், இரண்டு என்றால் 64 வீதம், மூன்று என்றால் 32, நான்கு என்றால் 16 வீதம் கட்டங்கள் அமையும். /18 மூன்றாவது எண்ணில் இரண்டு பிட் பிடிக்கிறது. ஆகவே கட்டங்கள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். 10.20.64.0/18 என்பது 10.20.64.0 முதல் 10.20.127.255 வரை. 100 உள்ளே, 130 வெளியே. விண்டோஸ் /18 என்று காட்டாமல் 255.255.192.0 என்று மாஸ்க்கைக் காட்டும். 256-இலிருந்து 192-ஐக் கழித்தால் 64, அதே கட்ட அளவு.

கணித்துவிட்டோம், சரிதானா என்று கணினியையே கேட்கலாம்.

```
$ ip route get 10.20.100.7
10.20.100.7 via 10.255.0.1 dev tun0 src 10.255.0.6
```

இந்தக் கட்டளை பாக்கெட் எதையும் அனுப்புவதில்லை. கெர்னல் என்ன முடிவெடுக்கும் என்பதை மட்டும் சொல்கிறது. முதலில் தாளில் கணித்துவிட்டு, பிறகு இதைத் தட்டிப் பாருங்கள். பத்து முகவரிகளுக்கு இப்படிச் செய்தாலே கண் பழகிவிடும். `src` என்பதையும் கவனிக்க வேண்டும். வழி மாறினால், அந்தப் பாக்கெட்டில் அனுப்புநராக எழுதப்படும் முகவரியும் மாறும். எதிர்முனையில் ஃபயர்வால் 192.168.1.23-ஐ மட்டும் அனுமதித்திருந்தால், சுரங்கம் வழியாக 10.255.0.6 என்ற பெயரில் வரும் பாக்கெட்டை அது தடுத்துவிடும். வழி சரி, கதவு மூடியிருக்கிறது.

மெட்ரிக் எப்போது பேசும்? ஒரே முன்னொட்டு, ஒரே நீளம், இரண்டு வரிகள் இருக்கும்போது. மடிக்கணினியில் கேபிளும் வைஃபையும் ஒன்றாக இணைந்திருந்தால் இரண்டு `default` வரிகள் இருக்கும். லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜர் வழக்கமாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று கொடுக்கும். நீளம் இரண்டுக்கும் பூஜ்ஜியம், சமநிலை. அப்போது சிறிய மெட்ரிக் வெல்லும், கேபிள் வழியே போகும். கேபிளைப் பிடுங்கினால் அந்த வரி டேபிளிலிருந்து நீங்கும், வைஃபை வரி தனியாக நிற்கும். நீளம் முதலில், மெட்ரிக் சமநிலையை முறிக்க மட்டும்.

கேபிளைப் பிடுங்கிய உதாரணத்தில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. ‘வரி டேபிளிலிருந்து நீங்கும்’ என்றேன். நீங்காவிட்டால்? நம் டேபிளில் சுரங்கத்தின் மறுமுனை செத்துவிட்டது, ஆனால் `tun0` இன்னும் எழுந்தே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10.20.100.7-க்கான பாக்கெட் என்ன செய்யும்? பக்கத்துக் கட்டடம் வழியாகப் போக /16 வரி தயாராக இருக்கிறதே, அதற்கு மாறிக்கொள்ளுமா? மாறாது. வரி இருக்கும்வரை அதுதான் வெல்லும். அந்த வழியில் உயிர் இருக்கிறதா என்று இந்த விதி விசாரிப்பதே இல்லை. பாக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெற்றிடத்தில் விழுந்துகொண்டிருக்கும், பக்கத்திலேயே நல்ல பாதை சும்மா கிடக்கும். என் பார்வையில் ரவுட்டிங் டேபிளைப் படிப்பவர் மனதில் பதித்துக்கொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான். அடையாளம் இப்படி இருக்கும்: 10.20.130.7-க்குப் பிங் போகும், 10.20.100.7-க்குப் போகாது. இரண்டும் ஒரே /16-இல் இருக்கும் முகவரிகள், ஆகவே அந்தக் கட்டடமே விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நடுவில் நீளமான வரி ஒன்று குறுக்கே நிற்கிறது என்று உடனே சந்தேகப்பட வேண்டும். `ip route get` இரண்டு முகவரிக்கும் இரண்டு வேறு விடை தந்தால் சந்தேகம் உறுதி.

இதே விதியைத் தந்திரமாகப் பயன்படுத்திக்கொள்ளும் மென்பொருளும் உண்டு. ஓப்பன் வி.பி.என்., எல்லாப் போக்குவரத்தையும் தன் சுரங்கத்துக்குள் இழுக்க வேண்டியிருக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் டிஃபால்ட் வரியைத் தொடாமலே வேலையை முடிக்கும். அதன் `redirect-gateway def1` என்ற அமைப்பு இரண்டு வரிகளைச் சேர்க்கிறது: 0.0.0.0/1, 128.0.0.0/1. முதல் பிட் 0 என்றால் முதல் வரி, 1 என்றால் இரண்டாவது வரி. இரண்டும் சேர்ந்து உலகத்தையே மூடிவிடுகின்றன, ஒவ்வொன்றின் நீளமும் டிஃபால்ட்டைவிட ஒரே ஒரு பிட் அதிகம். அந்த ஒரு பிட் போதும். சுரங்கம் மூடப்பட்டதும் இரண்டு வரிகளும் போய்விடும், பழைய டிஃபால்ட் தொட்ட சுவடின்றி அப்படியே இருக்கும். கூடவே வி.பி.என். சர்வரின் முகவரிக்கு மட்டும் /32 வரி ஒன்று, பழைய கேட்வே வழியாக. அது இல்லாவிட்டால் சுரங்கத்தைச் சுமந்து செல்லும் பாக்கெட்டே சுரங்கத்துக்குள் நுழையப் பார்த்து, தன் வாலைத் தானே விழுங்கும்.

அதே கூர்மை எதிர்ப்பக்கமும் வெட்டும். 2024 மே மாதம் லெவியதன் செக்யூரிட்டி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ‘டனல்விஷன்’ என்று பெயரிட்டு ஒரு வழியை வெளியிட்டார்கள். வைஃபையில் இணையும்போது நமக்கு முகவரி தரும் டி.ஹெச்.சி.பி. சேவை, தன் 121-ஆம் விருப்பத்தின் மூலம் ரவுட்டிங் டேபிளுக்குப் புதிய வரிகளையும் தரலாம். தீய எண்ணமுள்ள ஒருவர் அந்த வைஃபையில் டி.ஹெச்.சி.பி. சர்வராக நின்றுகொண்டு, சுரங்கத்தின் /1 வரிகளைவிட நீளமான வரிகளைத் தந்தால், போக்குவரத்து சுரங்கத்துக்குள் நுழையாமலே வெளியே போய்விடும். வி.பி.என். இணைந்திருப்பதாகத் திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த 121-ஆம் விருப்பத்தை ஆண்ட்ராய்டு ஏற்பதில்லை என்பதால் அதற்குப் பாதிப்பில்லை. மற்றக் கணினிகளில் அறிமுகமில்லாத வைஃபையில் வி.பி.என். போட்டபின் ஒருமுறை டேபிளைப் பார்ப்பது நல்லது. சுரங்கத்துக்கு வெளியே காட்டும் நீளமான வரிகள் ஏதாவது இருந்தால், அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

டேபிளை மட்டும் பார்த்து ஏமாறும் இடம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். லினக்ஸில் டேபிள் ஒன்றல்ல, பல. `ip route` காட்டுவது `main` என்ற டேபிளை மட்டும். எந்த டேபிளை எப்போது பார்ப்பது என்று `ip rule` பட்டியல் தீர்மானிக்கிறது. நீளப் போட்டி நடப்பது ஒவ்வொரு டேபிளுக்குள்ளும்தான். ஒரு டேபிளில் விடை கிடைத்துவிட்டால் அடுத்த டேபிளில் அதைவிட நீளமான வரி இருந்தாலும் அங்கே தேட மாட்டார்கள். வயர்கார்டின் `wg-quick` எல்லாப் போக்குவரத்தையும் சுரங்கத்தில் அனுப்பும்போது 51820 என்ற எண்ணுள்ள தனி டேபிளில் தன் டிஃபால்ட்டை வைக்கிறது. `ip route` மட்டும் பார்த்தவருக்கு ஒன்றுமே மாறாததுபோலத் தெரியும். கணிப்பும் `ip route get` தரும் விடையும் முரண்பட்டால், அடுத்து `ip rule` தட்ட வேண்டும். இன்னொன்று, டேபிள் சொல்வது போகும் வழியை மட்டும். பதில் எந்த வழியாகத் திரும்பும் என்பது எதிர்முனையின் டேபிளில் இருக்கிறது.

இதுவரை பார்த்தது ஒரு கணினி. இன்டர்நெட்டின் முதுகெலும்பு ரவுட்டர்களில் இருக்கும் டேபிளும் இதே இலக்கணம்தான், வரிகள் மட்டும் ஒன்பது லட்சத்தைத் தாண்டும். அந்த வரிகளை யாரும் கையால் எழுதுவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் ‘இந்த முகவரிகள் என்னிடம்’ என்று பி.ஜி.பி. என்ற முறையில் அண்டை நிறுவனத்துக்கு அறிவிக்கிறது, அது அடுத்ததற்குச் சொல்கிறது. 2008 பிப்ரவரி 24 அன்று நடந்தது இந்த விதியை உலக அளவில் காட்டிவிட்டது. ஐரோப்பிய முகவரிப் பதிவகமான ரைப் என்.சி.சி. அந்த நாளின் அறிவிப்புகளை நிமிட வாரியாகப் பதிவு செய்து வெளியிட்டிருப்பதால், அன்றைய டேபிள்களை இன்றும் நாம் படிக்கலாம்.

யூடியூப் அப்போது 208.65.152.0/22 என்று அறிவித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது எண்ணில் ஆறு பிட், கட்ட அளவு 4. ஆகவே 152, 153, 154, 155 நான்கும் அதற்குள். பாகிஸ்தான் அரசு யூடியூபைத் தடுக்க உத்தரவிட்டிருந்தது. அதை நிறைவேற்ற பாகிஸ்தான் டெலிகாம் 208.65.153.0/24 என்ற முன்னொட்டைத் தன்னிடம் திருப்பிக்கொண்டது. நாட்டுக்குள் மட்டும் நிற்க வேண்டிய அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது. அதற்கு இன்டர்நெட் இணைப்பு தந்துகொண்டிருந்த ஹாங்காங்கின் பி.சி.சி.டபிள்யூ. குளோபல் அதை வடிகட்டாமல் உலகத்துக்கு எடுத்துச் சொன்னது. இந்திய நேரம் அப்போது நள்ளிரவு 12:17, தேதி 25 ஆகிவிட்டது.

யூடியூபின் முகவரிகளில் ஒன்று 208.65.153.238. அந்த நிமிடத்தில் ஐரோப்பாவில் இருக்கும் ஒரு ரவுட்டரின் டேபிளில் இதற்குப் பொருந்தும் வரிகள் இரண்டு: /22 யூடியூபைக் காட்டுகிறது, /24 பாகிஸ்தானைக் காட்டுகிறது. 24 பெரியது. யூடியூப் எவ்வளவு அருகில் இருந்தாலும், எவ்வளவு காலமாக அந்த /22 அங்கே இருந்தாலும் அதைக் கேட்பார் இல்லை. பாக்கெட் பாகிஸ்தானை நோக்கித் திரும்பி, அங்கே மறைந்தது.

1:37 மணிக்கு யூடியூப் தானும் 208.65.153.0/24 என்று அறிவித்தது. இப்போது நீளம் சமம். நம் மடிக்கணினியில் மெட்ரிக் பேசியது போல இங்கே பி.ஜி.பி.-யின் சமநிலை முறிப்பு விதிகள் பேசத் தொடங்கின, குறிப்பாக எத்தனை நிறுவனங்களைக் கடந்து போக வேண்டும் என்ற கணக்கு. யூடியூபுக்கு அருகில் இருந்த ரவுட்டர்கள் அதன் பக்கம் திரும்பின, பாகிஸ்தானுக்குக் குறுகிய பாதை இருந்தவை அங்கேயே நின்றன. ஆகவே சிலருக்கு யூடியூப் கிடைத்தது, சிலருக்கு இல்லை. பதினொரு நிமிடம் கழித்து, 1:48 மணிக்கு, யூடியூப் அந்த /24-ஐ இரண்டாகப் பிளந்து 208.65.153.0/25, 208.65.153.128/25 என்று அறிவித்தது. 238-இன் முதல் பிட் 1, ஆகவே அது இரண்டாவது பாதியில் விழும். நீளம் 25, போட்டியில்லை. அந்த அறிவிப்பு போய்ச் சேர்ந்த ஒவ்வொரு ரவுட்டரும் யூடியூப் பக்கம் வந்தது. ஆனால் எல்லா ரவுட்டருக்கும் அது போய்ச் சேர்ந்திருக்காது. டேபிள் வீங்காமல் இருக்க /24-ஐவிட நீளமானவற்றை ஏற்பதில்லை என்று பல நிறுவனங்கள் வடிகட்டி வைத்திருக்கின்றன. 2:31 மணிக்கு பி.சி.சி.டபிள்யூ. பாகிஸ்தான் டெலிகாமின் அறிவிப்புகளைத் திரும்பப் பெற்ற பிறகுதான் பிரச்சினை முழுதாகத் தீர்ந்தது. இந்த இரண்டேகால் மணி நேரத்தில் 208.65.154.10 போன்ற ஒரு முகவரிக்கு அனுப்பிய பாக்கெட் எங்கே போயிருக்கும் என்று நீங்களே கணிக்கலாம். கடத்தப்பட்ட /24 அதற்குப் பொருந்தாது. பழைய /22 மட்டும்தான் பொருந்தும். அது நேராக யூடியூபுக்கே போயிருக்கும்.

நீளத்தை ஒப்பிடும் விதிக்கு, அறிவித்தவர் உரிமையாளரா என்று பார்க்கத் தெரியாது. அதனால் பாதுகாப்பு வேலை, வரி டேபிளுக்குள் நுழையுமுன் நடக்க வேண்டியிருக்கிறது. ஆர்.பி.கே.ஐ. என்ற முறையில் முகவரியின் உரிமையாளர், ‘இந்த முன்னொட்டை இந்த நிறுவன எண் மட்டும், இந்த நீளம் வரை மட்டும் அறிவிக்கலாம்’ என்று கையெழுத்திட்டுப் பதிந்து வைக்கிறார். பொருந்தாத அறிவிப்பை ரவுட்டர் டேபிளில் சேர்க்காமலே தள்ளிவிடலாம். இதில் நீளத்தின் எல்லையை எழுதும்போதுதான் கை நடுங்க வேண்டும். /22 மட்டுமே அறிவிக்கப் போகிறவர், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லையை /24 வரை தளர்த்தி எழுதிவிட்டால், அவருடைய நிறுவன எண்ணைப் போலியாக ஒட்டிக்கொண்டு வேறொருவர் /24 அறிவிக்க முடியும். கையெழுத்துப் பொருந்தும், ரவுட்டர் சேர்த்துக்கொள்ளும், நீளமும் அதிகம். அதனால் உண்மையில் அறிவிக்கும் நீளத்தை மட்டும் எழுதுங்கள் என்று 2022-இல் வந்த ஆர்.எஃப்.சி. 9319 வலியுறுத்துகிறது.